ஏபிஐ ஆவணத்தை ஒரே தாளில் அடக்குவது: எதை வைப்பது, எதை விடுவது?

கலங்கரை, மண்டபம் · மே 27, இரவு 9.50

எங்கள் ஊரில் ஐந்து பையன்களுக்குச் சனி ஞாயிறு மாலைகளில் பைத்தான் சொல்லித் தருகிறேன். முதல் வேலையாக, தினமும் சாயங்காலம் மறுநாள் விடியற்காலைக் காற்றை ஓப்பன்-மீட்டியோ என்ற வானிலை ஏபிஐயிலிருந்து எடுத்து வல்லக்காரர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் நிரல் ஒன்று எழுதச் சொன்னேன். சாவி வாங்க வேண்டாம், பணம் கட்ட வேண்டாம், பிரௌசரில் முகவரியைத் தட்டினாலே பதில் வந்துவிடும் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் ஆவணம் முழுக்க ஆங்கிலம், பக்கத்தைத் திறந்தால் தேர்வுப்பெட்டிகளாகவே நூற்றுக்கணக்கில். பையன்கள் மிரண்டார்கள். சரி, ஒரு தாளில் சுருக்கித் தருகிறேன் என்று உட்கார்ந்தேன்.

வெப்பம், ஈரப்பதம், மழை, மேகம், மண்ணின் ஈரம் வரை எல்லா மாறிகளையும் அட்டவணையாகப் போட்டுத் தமிழில் பெயர் எழுதினேன். தாளின் இரண்டு பக்கமும் நிரம்பியது. பையன்கள் அதைப் பார்த்து எழுதிய ஏபிஐ கால் இது:

```
https://api.open-meteo.com/v1/forecast?latitude=9.28&longitude=79.12&hourly=wind_speed_10m
```

தாளின்படி தப்பே இல்லை. பதிலும் வந்தது. ராத்திரி ஏழு மணிக்கு "நாளை காலை 5 மணி: காற்று 28 நாட்" என்று செய்தி போனது. சித்தப்பா நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். "என்னம்மா, இருபத்தெட்டு நாட்டுன்னா வல்லத்தையே கரையில கட்டி வைக்க முடியாது. இது நாளைக் காத்து இல்ல, இன்னிக்குப் பகல்ல அடிச்ச காத்து" என்றார். தேடிப் பார்த்ததில் இரண்டு பிழை. அலகு சொல்லாவிட்டால் அது கிலோமீட்டரில் தரும், 28 என்பது மணிக்கு 28 கிலோமீட்டர், அதாவது 15 நாட். நேர மண்டலம் சொல்லாவிட்டால் கிரீன்விச் நேரத்தில் தரும், அதில் 05:00 என்றால் நமக்குக் காலை பத்தரை. ஆவணத்தில் இரண்டுமே தெளிவாக எழுதியிருக்கிறது. நான் சுருக்கிய தாளில்தான் இல்லை.

நாற்பது மாறிகளுக்கு இடம் கொடுத்தவள் இந்த இரண்டு வரிக்கு இடம் கொடுக்கவில்லை. ஆகவே கேள்வி: சீட் ஷீட் போடுகிறவர்கள் எதை வைத்துப் பொறுக்குகிறீர்கள்?

ஏர்வாடி623 · மே 27, இரவு 10.15

எழுத்தைச் சின்னதாக்கினால் எல்லாமே அடங்கும். நான் ஒரு ஏ4 தாளில் 6 புள்ளி எழுத்தில் இரண்டு நெடுவரிசை போட்டு வைத்திருக்கிறேன். எதையாவது விட்டால் அதுதான் நாளைக்குத் தேவைப்படும். அலகுக்கு `wind_speed_unit=knots` என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், முடிந்தது.

கலங்கரை · மே 27, இரவு 10.40

`knots` இல்லை, `kn`. மற்றபடி வரி சேர்க்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் 6 புள்ளி எழுத்தை டியூப்லைட் வெளிச்சத்தில் நான்கு பேர் சேர்ந்து ஒரு தாளைப் பார்த்துப் படிக்க முடியாது. தாளை மேசை நடுவில் வைத்துத்தான் அவர்கள் வேலை செய்கிறார்கள்.

தொண்டிக்கரை · மே 28, காலை 6.05

தங்கச்சி, உங்கள் இரண்டு பிழையிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. இரண்டுமே சத்தம் போடாத பிழைகள். `hourly`-இல் மாறியின் பெயரைத் தப்பாக எழுதிப் பாருங்கள், 400 என்று திருப்பி அனுப்பும், கூடவே `reason` என்று ஒரு வரியில் எந்தச் சொல் புரியவில்லை என்றும் சொல்லும். அந்தப் பிழைக்குத் தாளில் இடம் வேண்டாம், சர்வரே கற்றுக்கொடுத்துவிடும். அலகும் நேர மண்டலமும் அப்படியில்லை. விட்டால் விட்டதுதான், பார்வைக்கு ஒழுங்கான எண் வந்துவிடும்.

நான் பத்து வருடமாக இப்படித்தான் பொறுக்குகிறேன். ஒவ்வொரு பாராமீட்டரிடமும் ஒரே கேள்வி: "உன்னை எழுதாமல் விட்டால் என்ன நடக்கும்?" பிழைச்செய்தி வந்தால் தாளில் வேண்டாம். நமக்குப் பொருந்தும் மதிப்பையே அது தானாக எடுத்துக்கொண்டால் அப்போதும் வேண்டாம். நமக்குப் பொருந்தாத மதிப்பைப் பேசாமல் எடுத்துக்கொள்கிறதா, அது தாளின் மேல் பாதிக்கு.

இன்னொன்று, அதே கண்ணோடு `cell_selection` என்ற வரியையும் படித்துவிடுங்கள். கடலுக்காகக் கேட்கிறீர்கள் என்றால் உங்கள் எண் இன்னும் சரியில்லை.

கலங்கரை · மே 28, இரவு 8.30

அண்ணே, படித்தேன். மனசு கேட்கவில்லை, அதனால் நீளமாக எழுதுகிறேன்.

முன்கணிப்பு என்பது நாம் கொடுத்த புள்ளிக்கே வருவதில்லை. கணினி மாதிரி கடலையும் கரையையும் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறது, நம் புள்ளிக்குப் பொருத்தமான ஒரு கட்டத்தை எடுத்துத் தருகிறது. எந்தக் கட்டம் என்பதைத்தான் `cell_selection` முடிவு செய்கிறது. வானிலைக் காலில் அதன் இயல்பு மதிப்பு `land`, தரைக் கட்டத்தைத் தேடும். விவசாயிக்கும் நகரத்துக்கும் அது சரி. மண்டபத்துக்கு? இந்தப் பக்கம் வடகடல், அந்தப் பக்கம் தென்கடல், நடுவில் பனைமரமும் ரயில் பாதையும் ரோடும் போகும் அளவுக்கு ஒரு நிலத்துண்டு. தரையில் மரமும் வீடும் காற்றைத் தடுக்கும், திறந்த கடலில் அதே காற்று கூடுதலாக இருக்கும். தரைக் கட்டத்தின் எண்ணை எடுத்து வல்லக்காரருக்கு அனுப்புவது காற்றைக் குறைத்துச் சொல்வது. அலகுப் பிழையில் கூடுதலாகச் சொன்னோம், மிஞ்சிப்போனால் ஒரு நாள் தொழில் போயிருக்கும். இது மறுபக்கப் பிழை. இதுதான் எனக்குப் பயம்.

பதிலில் மேலேயே `latitude`, `longitude` என்று இரண்டு எண் வருகிறது. அது நாம் கேட்டது அல்ல, அவர்கள் எடுத்துத் தந்த கட்டத்தின் மையம். இத்தனை நாள் அதை எதிரொலி என்று நினைத்துக் கண்ணெடுத்தே பார்க்கவில்லை. அந்த எண்ணை வரைபடத்தில் ஒட்டிப் பார்த்தால் கடலா கரையா என்று தெரிந்துவிடும்.

அலைக்குத் தனி முகவரி, `marine-api.open-meteo.com`. அங்கே இதே பாராமீட்டரின் இயல்பு மதிப்பு `sea`. ஒரே பெயர், இரண்டு முகவரியில் இரண்டு இயல்பு. என் பழைய தாளில் "பொதுவான பாராமீட்டர்கள்" என்று ஒரே பெட்டியில் போட்டிருந்தேன். அந்தப் பெட்டியே தப்பு.

கீழக்கரை காக்கா · மே 29, மதியம் 1.20

நான் துபாயில் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். எங்கள் அலுவலகத்துக்குள் ஓடும் பணப் பரிமாற்ற ஏபிஐக்கு நான்தான் சீட் ஷீட் போட்டேன். ஒரு பக்கமாக ஆரம்பித்தது, ஆளாளுக்கு "இதையும் சேருங்க பாய்" என்று சொல்லிச் சொல்லி இப்போது 14 பக்கம். அதை யாரும் திறப்பதில்லை, திரும்ப என்னிடமே வந்து கேட்கிறார்கள். அதைவிட மோசம், நடுவில் ஒரு பாராமீட்டரின் பெயர் மாறிவிட்டது, தாளில் பழைய பெயர். புதிதாகச் சேர்ந்த பையன் தாளை நம்பி மூன்று நாள் சுற்றினான். ஆகவே தாளின் மூலையில் தேதி போடும்மா. என்றைக்கு எல்லா வரியையும் ஓட்டிப் பார்த்தாய் என்ற தேதி. அச்சடித்த தேதி எதற்கும் உதவாது.

கலங்கரை · மே 29, இரவு 9.10

காக்கா, போட்டுவிட்டேன். இங்கேயும் அதே கதைதான், முன்பு `windspeed_10m` என்று இருந்தது இப்போது `wind_speed_10m`. இணையத்தில் கிடக்கும் பழைய உதாரணங்களில் பழைய பெயரே இருக்கிறது. பையன்கள் அங்கிருந்து எடுத்து ஒட்டிவிட்டு, தாளில் வேறு மாதிரி இருக்கிறதே என்று கேட்டார்கள்.

பெயர் என்றதும் ஒன்று. ஒருவன் `wind_unit=kn` என்று எழுதியிருந்தான். மாறியின் பெயர் தப்பானால் 400 வரும் என்று தொண்டி அண்ணன் சொன்னாரே, அதே தைரியத்தில் இதற்கும் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அப்படி ஒரு பாராமீட்டரே இல்லாததுபோல் விட்டுவிட்டுக் கிலோமீட்டரிலேயே பதில் தந்தது. சமக்குறிக்கு வலப்பக்கம் தப்பு செய்தால் திட்டுகிறது, இடப்பக்கம் தப்பு செய்தால் பேசாமல் இருக்கிறது. ஆகவே தாளில் இடப்பக்கச் சொற்களைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, கேட்டதைப் பார்க்காமல் வந்ததைப் பார்ப்பது. பதிலில் `hourly_units` என்று ஒரு பகுதி உண்டு. அதில் `wind_speed_10m` எதிரே `km/h` இருந்தால் அலகு போய்ச் சேரவில்லை, `kn` இருந்தால் சேர்ந்தது. நேரத்துக்கு `utc_offset_seconds`. 19800 இருக்க வேண்டும், அது ஐந்தரை மணி நேரம் நொடியில். 0 இருந்தால் கிரீன்விச்.

ஏர்வாடி623 · மே 30, காலை 7.45

நேர மண்டலத்துக்கு `timezone=auto` போதுமே. புள்ளியை வைத்து அதுவே கண்டுபிடிக்கும். எதற்கு ஊர்ப் பெயரெல்லாம்.

கலங்கரை · மே 30, காலை 8.20

கரையில் போதும். நான் கேட்பது நடுக்கடல் புள்ளி, அங்கே எதையோ ஒன்றைக் கண்டுபிடிக்க விடுவதைவிட `Asia/Kolkata` என்று நானே எழுதிவிடுகிறேன். இதில் பிடிவாதம் இல்லை, 19800 வந்தால் எதுவும் சரி.

மீன்கூடை · மே 31, மாலை 4.00

தாளில் அலை உயரம் 1.2 என்று வந்தால் நாட்டுப்படகு போகலாமா வேண்டாமா? அதை மட்டும் போட்டால் போதும், மற்றது எதற்கு? மாமாவுக்கு வல்லம் இருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

கலங்கரை · மே 31, இரவு 7.30

அதைப் போட மாட்டேன். `wave_height` என்பது ஒரு அலையின் உயரம் இல்லை, உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. 1.2 என்றால் இடையிடையே இரண்டு மீட்டர் அலையும் வரும். அதோடு கரையோரத்தில் இந்தக் கணிப்பின் துல்லியம் குறைவு, கரையோரப் படகோட்டத்துக்கு நம்பாதீர்கள் என்று அவர்கள் ஆவணமே சொல்கிறது. சுருக்கும்போது முதலில் விழுவது இந்த மாதிரி வரிதான், ஏனென்றால் அதில் பாராமீட்டர் எதுவும் இல்லை. நான் அதைத் தாளின் அடியில் கட்டம் போட்டு எழுதியிருக்கிறேன். போகலாமா என்பதற்கு வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையும் இன்காய்ஸ் அறிவிப்பும் இருக்கின்றன, பாம்பனில் கூண்டு ஏற்றுகிறார்கள், மீன்வளத் துறை சொல்கிறது. மாமாவை அதைக் கேட்கச் சொல்லுங்கள். எங்கள் செய்தி அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க மட்டும்.

பாம்பன் பையன் · ஜூன் 2, இரவு 11.10

அக்கா, நான் உங்கள் வகுப்பில் கடைசியாகச் சேர்ந்தவன். ஒன்று சொல்லலாமா. முதல் பதிவில் இரண்டு பிழை என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று. நாங்கள் எழுதிய நிரலில் ஐந்து மணிக்கு `[5]` என்று எடுத்தோம். பட்டியல் இன்று 00:00-இல் ஆரம்பிக்கிறது. சாயங்காலம் ஏழு மணிக்கு ஓட்டினால் ஐந்தாவது இடம் இன்றைய ஐந்து மணி. நாளை வேண்டுமென்றால் 29.

கலங்கரை · ஜூன் 2, இரவு 11.55

தம்பி, இப்போதுதான் அன்றைய பதிலைத் திறந்து பார்த்தேன். நீ சொன்னது சரி.

முதல் பதிவைத் திரும்பப் படித்தேன். இன்றைய 05:00, கிரீன்விச்சில். அதாவது அன்று காலை பத்தரைக்கு அடித்த காற்று, மணிக்கு 28 கிலோமீட்டர், 15 நாட். சித்தப்பா என்ன சொன்னார்? "இது நாளைக் காத்து இல்ல, இன்னிக்குப் பகல்ல அடிச்ச காத்து." கோபத்தில் பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்து அதைக் கதையாக இங்கே எழுதிவிட்டேன். அவர் நிஜத்தைச் சொன்னார். அன்று பகல் முழுக்க கடலில் இருந்த மனிதர், எண் எந்த நேரத்துக் காற்று என்று சரியாகச் சொல்லிவிட்டார், நான் அலகைத் தேடிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை ஐந்தை ஒட்டிய எண் அதே பதிலில் கீழே வேறு வரிசையில் கிடந்தது, மணிக்கு 13 கிலோமீட்டர், 7 நாட்.

29 என்று எழுதுவதும் வேண்டாம். யாராவது நள்ளிரவு தாண்டி ஓட்டினால் அது ஒரு நாள் தள்ளிப்போகும். நேரத்தை எழுத்தாகவே தேடு. `hourly`-இல் `time` ஒரு பட்டியல், காற்று ஒரு பட்டியல், இரண்டும் ஒரே வரிசையில் ஓடுகின்றன:

```
i = d["hourly"]["time"].index(naalai + "T05:00")
kaatru = d["hourly"]["wind_speed_10m"][i]
```

`naalai` என்பது நாளைய தேதி, ஆண்டு-மாதம்-நாள் வரிசையில். அந்த நேரம் பட்டியலில் இல்லையென்றால் நிரல் நின்றுவிடும். நிற்பதுதான் நமக்கு வேண்டும்.

தொண்டிக்கரை · ஜூன் 3, காலை 5.50

நான் சொன்ன கேள்வியில் ஓட்டை இருக்கிறது என்று இந்தத் தம்பி காட்டிவிட்டார். பாராமீட்டரிடம் மட்டும் கேட்கச் சொன்னேன். பதில் எந்த வடிவத்தில் வருகிறது என்பதும் தாளில் இருக்க வேண்டும். பெரும்பாலான சீட் ஷீட்டுகளில் அது இருப்பதே இல்லை, என்னுடையதிலும் இல்லை.

கலங்கரை · ஜூன் 8, இரவு 10.05

தாள் ஒரு பக்கத்துக்கு வந்துவிட்டது. நாற்பது மாறியில் ஐந்து மிச்சம். எப்படிப் பொறுக்கினேன் என்றால், பையன்கள் இதுவரை எழுதிய எல்லா நிரலையும் ஒன்றாகப் போட்டு எந்தப் பெயர் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினேன். மண்ணின் ஈரம் ஒரு தடவைகூட இல்லை. மேலே வார்த்தைக்கு வார்த்தை ஓடக்கூடிய கால், மடித்து மடித்து:

```
https://api.open-meteo.com/v1/forecast
  ?latitude=9.40&longitude=79.20
  &hourly=wind_speed_10m,wind_gusts_10m,wind_direction_10m
  &wind_speed_unit=kn
  &timezone=Asia/Kolkata
  &forecast_days=2
  &cell_selection=sea
```

இது வடகடல் புள்ளி. தென்கடலுக்கு 9.15, 79.15. அதன் கீழே அலைக்கான கால், `wave_height`, `wave_direction`. நடுவில் "வந்ததைப் பார்" என்று மூன்று வரி: அலகு `kn` தானா, 19800 தானா, திரும்பி வந்த புள்ளி கடலில்தானா. அப்புறம் நேரத்தைத் தேடும் இரண்டு வரி. அடியில் அந்தக் கட்டம். மூலையில் காக்கா சொன்ன தேதி.

ஏர்வாடிக்காரர் கேட்பார், மற்ற மாறிகள் வேண்டும்போது? ஆவணத்தின் முகவரி தாளில் இருக்கிறது. பெயர் தப்பினால் சர்வர் சொல்லிவிடும் என்பது தெரிந்த பிறகு பையன்களுக்கு அந்தப் பக்கத்தைத் திறக்கப் பயமில்லை.

ஏர்வாடி623 · ஜூன் 9, காலை 9.30

ஒத்துக்கொள்கிறேன், பாதி. நீரோட்டத்தை விட்டது தப்பு. வலை விடுகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

கலங்கரை · ஜூன் 9, இரவு 9.45

அதை யோசித்துத்தான் விட்டேன், இப்போது மறுபடி யோசிக்கிறேன். `ocean_current_direction` என்று அலை முகவரியிலேயே இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் காற்றின் திசையும் அலையின் திசையும் எங்கிருந்து வருகிறது என்பது, நீரோட்டத்தின் திசை எங்கே போகிறது என்பது. காற்றுக்கு 0 என்றால் வடக்கிலிருந்து, நீரோட்டத்துக்கு 0 என்றால் வடக்கு நோக்கி. ஒரே பதிலில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் பையன்கள் ஒரே அம்புக்குறியைப் போட்டுவிடுவார்கள்.

சித்தப்பாவிடம் கேட்டேன். அவருக்குக் குழப்பமே இல்லை. "வாடைன்னா வடக்கேயிருந்து வர்றது. நீர் எங்க இழுக்குதுன்னுதான் பாப்பாங்க, எங்கேயிருந்து வருதுன்னு யாரு பாப்பா?" என்றார். கடலில் பேசும் முறையேதான் அது. எண்ணை விட்டுவிட்டு "காற்று: வரும் திசை, நீர்: போகும் திசை" என்று எழுதினால் ஒரே வரியில் அடங்குகிறது. சேர்த்துவிட்டேன். கரையோரத்தில் அந்த எண் எவ்வளவு சரி என்பது தனிக் கேள்வி, ஒரு மாதம் வலை விட்டு வருகிறவர்களிடம் கேட்டுக் குறித்துப் பார்க்க வேண்டும்.

கீழக்கரை காக்கா · ஜூன் 12, மாலை 6.15

டிகிரிக்குப் பக்கத்தில் காற்றின் பெயரையும் போட்டுவிடேன்மா. 0 வாடை, 90 கொண்டல். படிக்கிறவனுக்கு எண்ணே வேண்டாம்.

பாம்பன் பையன் · ஜூன் 12, இரவு 8.00

225 என்ன அக்கா? எங்கள் தெருவில் கச்சான்.

தொண்டிக்கரை · ஜூன் 12, இரவு 8.40

இங்கே அது சோழகம். கச்சான் நேர் மேற்கு.

கலங்கரை · ஜூன் 14, இரவு 11.20

தடைக்காலம் இன்றோடு முடிகிறது, விசைப்படகுக்காரர்கள் ஐஸ் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், தெரு முழுக்கச் சத்தம். இரண்டு நாளாகக் கேட்டுப் பார்த்தேன். ஒரே ஊரில் வடகடல்காரர் ஒன்று சொல்கிறார், தென்கடல்காரர் வேறு சொல்கிறார். வாடைக்கும் கொண்டலுக்கும் மட்டும் பெயர் அச்சடித்திருக்கிறேன். 180 முதல் 270 வரை கோடு போட்டு வெற்றிடமாக விட்டிருக்கிறேன், அவரவர் பேனாவால் எழுதிக்கொள்ளலாம். தாள் லேமினேட் செய்து சங்கக் கட்டடத்தில் மாட்டியாயிற்று, பையன்களுக்கு ஆளுக்கொன்று. லேமினேட்டின்மேல் சாதாரண பேனா எழுதாது, மார்க்கர் வாங்க வேண்டும்.